இடது பக்கத்துப் பள்ளம்

ஊருக்கெல்லாம் தூக்கம் தைத்துக் கொடுக்கிற ஆளுக்குத் தன் வீட்டில் தூக்கமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மெத்தைக்காரன் கதி அப்படித்தான் ஆகியிருந்தது. கடையில் பஞ்சு மூட்டைக்கும் ஃபோம் பலகைக்கும் நடுவில், வளைந்த ஊசியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிவிடுவான். மெத்தை வாங்க வந்தவர்கள் அவன் தூங்குவதைப் பார்த்து, சரக்கு நல்ல சரக்குதான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொள்வார்கள். அந்த வகையில் வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறை நாற்காலிகளுக்கு மெத்தை மாற்றப் போன இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். அதனால் இன்றைக்கும் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவான். டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். உடம்பு இன்சுலின் சுரக்காது. வெளியிலிருந்து ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. இப்போது அவள் வயிற்றில் குழந்தை. ஏழு மாதம் முடிந்திருந்தது.

அந்தப் படுக்கப் போகும்போது போடுகிற ஊசிதான் மெத்தைக்காரனின் எமன். காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி, கட்டில் ஆடுவது போலத் தோன்றி விழித்தான். பக்கத்தில் அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தலையணை, போர்வை, மெத்தை எல்லாம் வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. ஊசி கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, தூக்கத்திலேயே சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் சூடு கண்ட பூனை மாதிரி ஆகிப்போனான் அவன். நடுராத்திரியில் தானாகக் கண் திறக்கும். கை அவள் நெற்றிக்குப் போகும். ஈரமில்லை என்றால்தான் மூச்சு வரும்.

குழந்தை உண்டானதும் ஆஸ்பத்திரியில் ஒரு சென்சார் கொடுத்தார்கள். காசு அளவு ஒரு வில்லை. டீச்சரின் இடது மேற்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதுகிற கை வலது என்பதால் இடது கையில் ஒட்டினார்கள். கைக்குள் அடங்குகிற ஒரு கருவியை அதன் பக்கத்தில் கொண்டுபோனால், அப்போதைய சர்க்கரை எண் தெரியும். கூடவே ராத்திரி முழுக்க அது ஏறி இறங்கிய தடம் ஒரு கோடாகத் தெரியும். கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. மணியெல்லாம் அடிக்கிற ரகம் இல்லை. விரலைக் குத்தி ரத்தம் எடுக்கிற வேலை ஒழிந்தது என்று டீச்சரைவிட மெத்தைக்காரன்தான் அதிகம் சந்தோஷப்பட்டான். அவள் விரல் நுனியெல்லாம் சல்லடையாகப் போயிருந்ததைப் பார்த்தால் யாருக்குமே மனசு கேட்காது.

ஏழாம் மாதத்தில் டாக்டரம்மா, "இனிமே மல்லாந்து படுக்காதம்மா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, குழந்தைக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்" என்றார். டீச்சர் சரி என்று தலையாட்டினாள். மெத்தைக்காரன் தலையாட்டுவதோடு விடுகிற ஆளா? மறுநாளே கடையில் உட்கார்ந்து, கிடைத்ததிலேயே கெட்டியான ஃபோமை வெட்டி, முதுகுக்கு அணைகொடுக்கிற மாதிரி ஒரு நீளத் தலையணை தைத்தான். உறை பருத்தி, ஓரம் இரட்டைத் தையல். அதை அவள் முதுகுக்குப் பின்னால் திணித்துவிட்டால் மல்லாந்து திரும்பவே முடியாது.

"இது தலையணையா, மதில் சுவரா?" என்று கேட்டாள் டீச்சர்.

"டாக்டரம்மா இடது பக்கம்னு சொன்னா இடது பக்கம்தான். நீ தூக்கத்துல எங்க திரும்புறன்னு உனக்கு என்ன தெரியும்?"

தினம் நடுராத்திரி அவனுக்கு விழிப்பு வரும்போது பார்ப்பான். அவள் தலையணையைத் தள்ளிவிட்டு மல்லாந்து கிடப்பாள். மெல்லப் புரட்டி, இடது பக்கமாகச் சாய்த்து, தலையணையை இறுக்கித் திணித்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பான். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற புருஷன் இன்னொருவன் உண்டா என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

விவகாரம் விடியற்காலையில் ஆரம்பித்தது. எழுந்ததும் பார்த்தால் சர்க்கரை எகிறியிருந்தது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட எல்லை. டீச்சருக்கு நூற்று முப்பதைத் தொட்டது. ராத்திரி படுக்கும்போது சரியாக இருக்கிறது, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, பிறகு எங்கிருந்து வந்தது இவ்வளவு சர்க்கரை?

டாக்டரம்மா ராத்திரிக் கோட்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். நடுராத்திரி வரை சமதரை. அதற்கப்புறம் ஒரு பள்ளம், ஐம்பது அறுபதுக்கு இறங்குகிறது. பிறகு விறுவிறுவென்று மேலேறிக் காலையில் உச்சிக்குப் போய்விடுகிறது. பள்ளத்தைப் பார்த்ததும் மெத்தைக்காரனின் கை தானாக டீச்சர் நெற்றிக்குப் போனது.

"காலையில சர்க்கரை ஏறுறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு, விடியற ஏற்றம். நாம எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே உடம்பு சில ஹார்மோன்களைச் சுரக்கும். அதைக் கேட்டு ஈரல் தான் சேத்து வெச்சிருக்கிற சர்க்கரையை ரத்தத்துல விடும். நமக்கு இன்சுலின் தானா கூடி அதைச் சமாளிச்சுடும். இவங்களுக்கு அப்படிச் சுரக்காது, அதனால ஏறிடுது. இன்னொண்ணு, ராத்திரி சர்க்கரை ரொம்ப இறங்கிப் போய், உடம்பு பயந்து, அதே ஈரலை அவசரமா கொட்டச் சொல்றது. அது மீள் ஏற்றம். அபூர்வம்னுதான் இப்பல்லாம் சொல்றாங்க. ஆனா இவ்வளவு பெரிய பள்ளத்தைக் கண்ணால பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியாது."

"ரெண்டுல எதுவா இருந்தா என்ன டாக்டர்? காலையில ஏறுது, அவ்வளவுதானே?" என்றான் மெத்தைக்காரன்.

"அங்கதான் விஷயமே. விடியற ஏற்றம்னா ராத்திரி ஊசியைக் கூட்டணும். மீள் ஏற்றம்னா குறைக்கணும். மாத்திச் செஞ்சா ஒரு பக்கம் குழந்தைக்கு ஆபத்து, இன்னொரு பக்கம் இவங்களுக்கு ஆபத்து. காலையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நடுராத்திரிக்கு மேல, மூணு மணி வாக்குல பாத்தாதான் குட்டு வெளிப்படும். அப்ப இறங்கியிருந்தா மீள் ஏற்றம். சரியா இருந்தா விடியற ஏற்றம்."

முதலில் ஊசியை இரண்டு யூனிட் குறைத்தார். சில ராத்திரிகள் மூன்று மணிக்குப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். குறைத்தார் என்றதும் மெத்தைக்காரனுக்கு உயிர் வந்தது.

அந்த ராத்திரிகளில் அவன் அலாரமே வைக்கவில்லை; அலாரம் அவனுக்குள்ளேயே இருந்தது. எழுந்து, தலையணையைச் சரிசெய்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, போர்வைக்கு மேலேயே கருவியை அவள் இடது கைப்பக்கம் கொண்டுபோவான். ஐம்பத்தெட்டு. மறுநாள் ஐம்பத்தாறு. உடனே அவள் நெற்றியைத் தொடுவான். ஈரமில்லை. தலையணை உறை காய்ந்திருக்கும். எழுப்பிக் கொஞ்சம் பழச்சாறு கொடுக்கலாமா என்று தவிக்கும்போதே அவள் பாத்ரூம் போக எழுந்துவிடுவாள். திரும்பி வந்ததும் பார்த்தால் எண் ஏறியிருக்கும். உடம்பு பயந்து கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். விரலைக் குத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. குத்துகிற வேலை ஒழிந்துவிட்டது என்றல்லவா சென்சார் வந்தது?

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நிலைமை மோசமாகியிருந்தது. காலை எண் நூற்று ஐம்பது. பள்ளமோ அசைந்து கொடுக்கவில்லை. ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு, மாதத்துக்குத் தகுந்ததைவிடப் பெரிதாகக் காட்டியது. அம்மாவின் சர்க்கரை கூடினால் குழந்தை அதை வாங்கி வாங்கிக் கொழுத்துக்கொள்ளும், தன் பங்குக்கு இன்சுலினையும் தேவைக்கு மேல் சுரக்கப் பழகிக்கொள்ளும், பிறந்து தொப்புள்கொடி அறுந்ததும் அந்தப் பழக்கமே அதன் சர்க்கரையைச் சரித்துவிடும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். டீச்சர் வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஊசியைக் குறைச்சும் பள்ளம் தூரலையே, அதான் எனக்கு இடிக்குது" என்றார் டாக்டரம்மா.

பக்கத்தில் சர்க்கரைப் பிரிவு நர்ஸம்மா நின்றிருந்தார். பேச்சில் காரம் கொஞ்சம் தூக்கல். அவர்தான் கேட்டார்: "மூணு மணிக்குப் பாத்தீங்களே, அது விரல்ல குத்தியா, சென்சார்லயா?"

"சென்சார்லதான்" என்றான் மெத்தைக்காரன்.

"ஏற்கெனவே சென்சார் எழுதி வெச்சிருக்கிறதை மறுபடியும் அதுகிட்டயே போய்க் கேட்டா என்ன சொல்லும்? திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதையால்ல இருக்கு. விரலைக் குத்துங்க. எனக்கு ரத்தம் சொல்ற எண் வேணும்."

டாக்டரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். "நானும் தெளிவா சொல்லியிருக்கணும். இன்னைக்கு ராத்திரி குத்திப் பாருங்க. குத்தினதுல எழுபதுக்குக் கீழ இருந்தா உடனே குளுக்கோஸ் கொடுத்துட்டுக் கூப்பிடுங்க. அதுவும் புரியலைன்னா நாளைக்கு அட்மிட் பண்ணிடலாம்."

அன்று ராத்திரி மெத்தைக்காரன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். மேஜை மேல் குத்துகிற பேனா, பட்டைகள் இருந்த சின்ன டப்பா, ரத்தம் பார்க்கிற மீட்டர், ஒரு கிளாஸ் பழச்சாறு. வழக்கப்படி அவள் மல்லாந்ததும் இடது பக்கமாகப் புரட்டி, மதில் சுவரை இறுக்கித் திணித்தான். அவள் தூக்கத்தில் ஏதோ முனகினாள்.

நேரம் வந்ததும் முதலில் கருவியைக் காட்டினான். ஐம்பத்து நாலு.

இதுவரை வந்ததிலேயே குறைவு அதுதான். அந்தப் பழைய ராத்திரியின் ஈர மெத்தை நினைவுக்கு வந்து, அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பழச்சாற்றை எடுக்கப் போனவன், நர்ஸம்மாவின் காரக் குரல் காதில் ஒலிக்கவே நின்றான். அவளுடைய வலது கை வெளியே கிடந்தது. விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டைப் பட்டையில் ஏற்றினான். மீட்டர் சில நொடி யோசித்தது.

நூற்றெட்டு.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தான். இன்னொரு விரலைத் துடைத்துக் குத்தினான். நூற்றுப் பதினொன்று. இதற்குள் டீச்சர் விழித்துக்கொண்டாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"உனக்கு ஏதாவது பண்ணுதா? கை நடுங்குதா? தலை சுத்துதா?"

"தூங்கிட்டிருந்தவளைக் குத்திக் குத்தி எழுப்பினா வேற என்ன பண்ணும், கோவம்தான் வருது." எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு எண்களையும் அவன் காட்டினான். கணக்கு டீச்சரல்லவா, தூக்கம் பறந்துவிட்டது.

"என் உடம்புல ஒரே நேரத்துல ஐம்பத்து நாலும் நூற்றெட்டும் இருக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. ரத்தத்தை நேரா பாக்குறது விரல்தான். எனக்கு வேர்க்கல, கெட்ட கனவு வரல. இத்தனை நாளும் காலையில தலைவலிகூட இல்ல. இருங்க, எதுவும் கொடுக்காதீங்க. கொஞ்சம் பொறுத்து ரெண்டையும் மறுபடி பாப்போம்."

அவள் சாய்ந்தபடியே இருந்தாள். கால் மணி நேரம் கழித்துக் கருவியைக் காட்டினான். எண்பத்தொன்பது. இன்னும் சற்றுப் பொறுத்து நூற்றைந்து. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை. சென்சாரின் எண் தானாகவே மேலேறி வந்து, விரல் சொன்னதன் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க தினம் எப்ப எழுந்து தலையணையைத் திணிப்பீங்க?"

அவன் சொன்னான்.

"பள்ளம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது பாருங்க. நான் எப்ப பாத்ரூம் போறேனோ அப்ப முடியுது. போன மாசக் கோட்டை எடுங்க, நான் இஷ்டத்துக்குப் படுத்துட்டிருந்தப்போ எடுத்தது."

எடுத்துப் பார்த்தார்கள். பள்ளமே இல்லை. மெத்தைக்காரன் அவளுடைய இடது கையைப் பார்த்தான். அந்த வில்லையைச் சுற்றி, மெத்தை அழுந்திய சிவப்பு வட்டம் இன்னும் மறையவில்லை. அழுத்தம் என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; அதை விற்றுத்தான் பிழைக்கிறான். அவள் உடம்புப் பாரம், குழந்தையின் பாரம், பின்னாலிருந்து நெருக்குகிற மதில் சுவர் எல்லாம் சேர்ந்து அவளை அந்தச் சின்ன வில்லையின் மேல் படுக்க வைத்திருந்தன. நசுங்கிய இடத்தில் சென்சாருக்குச் சர்க்கரை ஒழுங்காக எட்டவில்லை. அது ஐம்பது, அறுபது என்று உளறியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்த வேலியை இரட்டைத் தையல் போட்டு நட்டவன் அவனே.

"அடப்பாவி" என்றான். தன்னைத்தான்.

டீச்சர் சிரித்தாள். சிரிக்கிற நேரமா என்று அவனுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "அப்ப நீ ராத்திரி இறங்கவே இல்ல?"

"இறங்கவே இல்ல."

"அப்ப காலையில ஏறுறது?"

"அதைத்தான் பாக்கணும்" என்றாள்.

பிறகு நடந்ததை மெத்தைக்காரன் சாகும்வரை மறக்கமாட்டான். பார்க்கப்போனால் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் அசையாமல் சாய்ந்திருந்தாள், கண்ணை மூடியும் மூடாமலும். அவன் விட்டு விட்டு விரலைக் குத்தினான். ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. விரல் நூற்றுப் பதினெட்டு என்றது. எதிர்வீட்டு நாய் ஒன்று புரண்டு படுத்தது. நூற்று இருபத்தாறு. தெருமுனை ரொட்டிக்கடையில் விளக்கு எரிந்தது, இரும்புக் கதவு பாதி தூக்கிய சத்தம் கேட்டது. நூற்று முப்பத்தேழு. விரலும் சென்சாரும் இப்போது ஜோடிபோட்டு ஒன்றாகப் படியேறின. வானம் வெளுக்கத் தொடங்கியபோது நூற்று நாற்பத்தாறு.

யாரும் அவளுக்கு எதையும் ஊட்டவில்லை. அவள் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. சூரியன் இன்னும் எழவில்லை, அதற்குள் அந்த உடம்பு அவளைக் கேட்காமலே அடுத்த நாளுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. இன்று எழுவாள், நடப்பாள், கரும்பலகை முன்னால் நிற்பாள், அதற்கெல்லாம் தெம்பு வேண்டும் என்று உள்ளே எதற்கோ தெரிந்திருந்தது. நோய் வந்து இத்தனை வருஷமாகியும் ஈரல் தன் முறையை மறக்கவில்லை. வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய இன்சுலின்தான் இல்லை. மெத்தைக்காரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தில் எத்தனையோ ராத்திரி இந்த உடம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். வியந்துபோய் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

"ராத்திரியெல்லாம் நான் ஒருத்தன்தான் முழிச்சிருக்கேன்னு நெனச்சேன் டீச்சர்" என்றான். "எனக்கு முன்னாடியே உன் ஈரல் எழுந்து வேலைக்குப் போயிருக்கு."

அவள் அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயும் யாரோ எழுந்துவிட்டிருந்தார்கள்.

காலையில் ஆஸ்பத்திரியில் எண்களைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இடது பக்கம் படுக்கச் சொன்னது நான். சென்சார் எந்தக் கையில இருக்குன்னு கேக்காம விட்டதும் நான்தான். சென்சார் மேல அழுந்திப் படுத்தா இப்படிப் பொய்ப் பள்ளம் காட்டும், எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சும் கோட்டை விட்டுட்டோம்." நர்ஸம்மா புது சென்சாரை வலது கையில் ஒட்டினார். தலையணையின் வரலாற்றைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்கும் அப்படி ஒண்ணு தெச்சுக் குடுங்க. எங்க வீட்டுக்காரர் குறட்டைக்கு ஆகும்" என்றார்.

"இது சுத்தமான விடியற ஏற்றம்" என்றார் டாக்டரம்மா. "அதோட, இந்த மாசத்துல இன்சுலின் தேவையும் கூடிட்டே போகும். குறைச்ச ரெண்டையும் திருப்பிக் கொடுக்கிறேன், மேற்கொண்டும் ரெண்டு. அப்புறம் பாத்துப் பாத்துக் கூட்டலாம். மூணு மணிக்கு விரலைக் குத்துறதை மட்டும் விடாதீங்க."

கூட்டலாம் என்ற அந்த ஒரு சொல் மெத்தைக்காரனை ஆட்டிவிட்டது. எல்லாம் புரிந்தது. கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. அன்று ராத்திரி ஊசி போடும் நேரத்தில் அவன் சமையலறையில் போய் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தான்.

டீச்சர் ஊசிப் பேனாவோடு வந்து நின்றாள். "இந்தாங்க. நீங்களே திருகுங்க."

"நானா? எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? ஊசி போய் இறங்குறது என் உடம்புல." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து நாம பாத்தது பொய்யா?" என்றாள்.

பொய்யில்லை. அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். அடியிலிருந்த திருகை ஒவ்வொரு சொடுக்காகத் திருகினான். நேற்றைய எண்ணில் விரல் தானாக நின்றது. மூச்சை இழுத்துக்கொண்டு மீதியையும் திருகினான். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அன்று மூன்று மணிக்கு விரல் நூற்று மூன்று என்றது, சென்சார் தொண்ணூற்றெட்டு என்றது. பள்ளம் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் காலை ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. ஊசி ஒரு படி ஏறினால் அது ஒரு படி இறங்கியது. ஒருநாள் மெத்தைக்காரன் முகத்தில் வெயில் சுள்ளென்று அடிக்க, அலறியடித்துக்கொண்டு எழுந்தான். டீச்சர் மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் எழுப்பல? மூணு மணிக்கு யாரு பாத்தா?"

"நான்தான். தொண்ணூத்தாறு. இப்ப தொண்ணூத்தொண்ணு. ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிற ஆளு, ஒருநாளாவது அதுல தூங்கித்தான் பாக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அடுத்த ஸ்கேனில் குழந்தையின் வயிறு, வளர்ச்சிக் கோட்டுக்குள் அடங்கி வந்தது. ஆனால் கடைசிப் பரீட்சை வெளியே வந்த பிறகுதான் என்பது அவனுக்குத் தெரியும். நாள் நெருங்க நெருங்க அதைப் பற்றி இருவரும் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. அழுகையைக் கேட்டதுமே அம்மா ஜாடை தெரிந்துவிட்டது. யாரும் சமாதானப்படுத்த முடியாத அழுகை. முதல் பால் குடித்துச் சற்று நேரமானதும் நர்ஸம்மா மீட்டரோடு வந்தார். கட்டைவிரல் அளவுகூட இல்லாத குதிகாலைத் துடைத்துக் குத்தினார். மெத்தைக்காரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை மாதச் சர்க்கரையும் தன் மகளிடம் என்ன செய்துவைத்திருக்கிறதோ, அது இந்தச் சொட்டில் தெரிந்துவிடும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐம்பத்து நாலு" என்றார் நர்ஸம்மா.

அதே எண். அந்த ராத்திரி கருவியில் பார்த்த அதே எண். மெத்தைக்காரனின் கண் பழச்சாற்றைத் தேடி அறையைச் சுற்றி ஓடியது.

"ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க? உக்காருங்க முதல்ல" என்றார் நர்ஸம்மா. "பொறந்து இத்தனை நேரத்துல எந்தக் குழந்தைக்கும் இவ்வளவுதான் இருக்கும். நல்ல எண் இது. பெரியவங்க கணக்கைக் கொண்டுவந்து இவகிட்ட வைக்காதீங்க."

"நல்ல எண்ணா?"

"இதுவரைக்கும் அம்மா கொடுத்தாங்க. கொடியை அறுத்ததுமே இவளே பாத்துக்க ஆரம்பிச்சுட்டா. அடுத்த பாலுக்கு முன்னாடி இன்னொரு தடவை குத்திப் பாப்போம், வழக்கம்தான். ஆனா இவ சொந்த ஈரல் வேலைக்குக் கிளம்பிடுச்சு."

மெத்தைக்காரன் கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து மகளைப் பார்த்தான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, இந்த உலகத்தில் தனக்கு ஒரு கவலையும் இல்லாதவளைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை விலக்கி அந்த நெற்றியைத் தொட்டான். ஈரமில்லை. டீச்சர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், அவன் தலையாட்டினான். அப்புறம் அந்த நாற்காலியிலேயே, கையை மகள் நெற்றியிலிருந்து எடுக்காமல், அவனும் தூங்கிப்போனான்.